வேலைக்கு நடுவில் வாரம் 75 நிமிடம்: தொடர்புகளை உயிரோடு வைத்திருக்க ஒரு நடைமுறை

சென்னையில் ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில் வேலை, மதியம் தொடங்கி இரவு பத்தரை வரை ஷிஃப்ட், கிளையண்ட் கால் முடிந்து கேப் பிடித்து வீட்டுக்கு வர நள்ளிரவு. இப்படி இருப்பவரிடம் போய் "நெட்வொர்க்கிங் பண்ணுங்க" என்றால் எரிச்சல்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் புராஜெக்ட் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது, நல்ல கம்பெனிகளில் வேலை பார்க்கும் பழைய நண்பர்கள் நிறையப் பேர் இருந்தும் யாரிடமும் போய்க் கேட்க முடியாத நிலை. பல வருடங்களாக ஒரு வார்த்தை பேசாமல் திடீரென்று ரெஸ்யூமேவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, அனுப்பிய ஓரிருவரும் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வார நடைமுறையை அமைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சர்வீஸ் கம்பெனியிலிருந்து புராடக்ட் கம்பெனிக்கு மாற நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. மற்ற துறையினர் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

1. முதலில் காலக்கணக்கு

உங்கள் அப்பாயிண்ட்மென்ட் லெட்டரை எடுத்து நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று பாருங்கள். பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் பெரும்பாலும் 90 நாள். அதற்கு முன்னால் இன்டர்வியூ சுற்றுகள், ஆஃபர் பேச்சு என்று ஒன்றிரண்டு மாதம் போகும். அதற்கும் முன்னால், உங்களை மறந்துபோன ஒருவர் உங்கள் பெயரைத் தன் கம்பெனியில் நம்பிக்கையோடு சொல்லும் அளவுக்குப் பழக்கம் திரும்ப வர இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால், அடுத்த தீபாவளிக்குப் புது வேலையில் இருக்க வேண்டுமென்றால் இந்தப் பொங்கலுக்கே ஆரம்பித்திருக்க வேண்டும். அதனால் வேலை தேடும் எண்ணம் இல்லாதபோதே இதைத் தொடங்குங்கள். கேட்பதற்கு ஒன்றுமில்லாத நேரத்தில் அனுப்பும் செய்தியை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

லெட்டரைக் கையில் எடுத்ததும் இன்னொன்றையும் பாருங்கள்: கிளையண்ட் கம்பெனியிலோ, அதே கிளையண்டுக்கு வேலை செய்யும் போட்டிக் கம்பெனியிலோ குறிப்பிட்ட காலத்துக்குச் சேரக்கூடாது என்ற நிபந்தனை பல லெட்டர்களில் இருக்கும். அப்படி இருந்தால் அந்தக் கம்பெனிப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்களோடு நட்பாக இருப்பதில் தவறில்லை, ஆனால் வேலை பற்றிய பேச்சு வேண்டாம்.

2. பட்டியல் தயாரிப்பது (ஒரே ஒரு முறை, ஒன்றரை மணி நேரம்)

விடுமுறை நாள் ஒன்றில் சொந்த லேப்டாப்பில் உட்காருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் இந்த வேலையே வேண்டாம். அதில் நீங்கள் திறக்கும் பக்கங்களும் இறக்கும் கோப்புகளும் பதிவாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

லிங்க்ட்இன்னில் உங்கள் தொடர்புகளை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. Settings & Privacy, அதில் Data privacy, அதில் Get a copy of your data. அங்கே Connections என்பதை மட்டும் டிக் செய்து கேளுங்கள். சற்று நேரத்தில் மெயிலில் இணைப்பு வரும், உள்ளே `Connections.csv` என்ற கோப்பு. பெயர், கம்பெனி, பதவி, எப்போது இணைந்தீர்கள் என்பது எல்லாம் இருக்கும். மின்னஞ்சல் நிரல் பெரும்பாலும் காலியாக இருக்கும், அனுமதி கொடுத்தவர்களுடையது மட்டும்தான் வரும். கோப்பின் முதல் சில வரிகள் குறிப்புகள், அவற்றை நீக்கிவிட்டு கூகுள் ஷீட்டில் திறங்கள்.

இப்போது வடிகட்டுங்கள். முகம் ஞாபகத்துக்கு வராதவர்களை எல்லாம் விட்டுவிடுங்கள். உங்களோடு ஒரே டீமில் இருந்தவர், கல்லூரி சீனியர், ஒரு ரிலீஸ் இரவில் கூட உட்கார்ந்தவர், நீங்கள் ஏதோ சொல்லிக்கொடுத்த ஜூனியர் என்று உண்மையான நினைவு உள்ளவர்களை மட்டும் எடுங்கள். ஃபோன் காண்டாக்டையும் ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள், லிங்க்ட்இன்னில் இல்லாத நல்ல மனிதர்கள் அங்கே இருப்பார்கள். 30 பேரோடு நிறுத்துங்கள். நூறு பேர் பட்டியல் போட்டவர்கள் இரண்டாவது மாதத்தில் அதைத் திறப்பதையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஷீட்டில் ஐந்து நிரல் போதும்: பெயர், இப்போது எங்கே, எங்களுக்குள் இருக்கும் நினைவு, கடைசியாகப் பேசியது எப்போது, அடுத்து எழுத வேண்டிய தேதி. மூன்றாவது நிரல்தான் முக்கியம். "2019, இன்சூரன்ஸ் புராஜெக்ட், லாக் படிக்கக் கற்றுக்கொடுத்தார்" என்கிற மாதிரி ஒரு வரி. இந்த வரி எழுத முடியாத பெயர் பட்டியலில் இருக்க வேண்டாம், ஏனென்றால் அவருக்கு அனுப்ப உங்களிடம் செய்தியே இருக்காது.

3. வாரத்துக்கான ஐந்து சின்ன வேலைகள்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முடிவு இருக்க வேண்டும், "செய்தாயிற்று" என்று டிக் போட முடிய வேண்டும். "லிங்க்ட்இன்னில் கொஞ்சம் நேரம் செலவிடுவது" என்று எழுதி வைத்தால் அது அரைமணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டிருப்பதில்தான் போய் நிற்கும். என் நடைமுறை இது.

திங்கள், ஆபீஸ் போகும் பஸ்ஸில், 10 நிமிடம்: ஷீட்டைத் திறந்து இந்த வாரத்துக்கு இரண்டு பெயரைத் தேர்ந்தெடுப்பது. அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒருமுறை பார்ப்பது. அவ்வளவுதான், இன்றைக்கு எதையும் அனுப்ப வேண்டாம்.

செவ்வாய், காலையில் வீட்டில், 15 நிமிடம்: அந்த இரண்டு பேருக்கும் செய்தி எழுதி அனுப்புவது.

புதன் ஒன்றும் கிடையாது. பெரும்பாலான டீம்களில் வாரத்தின் நடுவில்தான் வேலை குவியும்.

வியாழன், 10 நிமிடம்: யாருக்காவது பயன்படும் ஒன்றைச் செய்வது. உங்கள் கம்பெனியில் வந்திருக்கும் ஒரு காலியிடத்தை அது பொருந்தும் ஜூனியருக்கு அனுப்பலாம், யாரோ கேட்ட தொழில்நுட்பக் கேள்விக்கு உருப்படியான பதில் எழுதலாம். "வாழ்த்துகள்" என்று தானாக வரும் பொத்தானை அழுத்துவது இதில் சேராது.

சனி, 30 நிமிடம்: ஒரு ஃபோன் பேச்சு. யாரும் ஒத்துக்கொள்ளாத வாரத்தில் இந்த நேரத்தில் அடுத்த பேச்சுக்குக் கேள்விகளைத் தயார் செய்யலாம்.

ஞாயிறு இரவு, 10 நிமிடம்: ஷீட்டை நிரப்புவது. யார் பதில் சொன்னார், என்ன சொன்னார், அடுத்து எப்போது எழுத வேண்டும்.

மொத்தம் 75 நிமிடம். இந்த ஐந்தையும் கூகுள் காலண்டரில், சொந்தக் கணக்கில், வாராவாரம் திரும்ப வரும்படி போட்டுவிடுங்கள். ஷிஃப்ட் மாறினால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொன்றையும் ஏற்கெனவே தினமும் நடக்கும் ஏதாவது ஒன்றோடு (பஸ், காலைக் காபி, துணி காயப்போட்ட பிறகு) ஒட்டி வையுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டால் கிடைக்காது.

ரிலீஸ் வாரம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத வாரம், இப்படியான வாரங்களுக்கு ஒரே ஒரு செய்தி போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். விட்டுப்போனதை அடுத்த வாரம் சேர்த்துச் செய்யாதீர்கள். இரண்டு வாரப் பாக்கி சேர்ந்தால் ஆள் மொத்தமாக நிறுத்திவிடுவார், பலருக்கும் இங்கேதான் அறுந்துபோகிறது.

4. செய்தி எழுதுவது

பல வருடம் பேசாதவருக்கு முதல் செய்தி கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? இன்சூரன்ஸ் புராஜெக்ட்ல நீங்க லாக் பார்க்கக் கத்துக்கொடுத்தது ஞாபகம் இருக்கா? நேத்து ஒரு புரொடக்‌ஷன் பிரச்சினையில அதே வழியிலதான் காரணத்தைக் கண்டுபிடிச்சேன். உடனே உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. பதில் அவசரமில்ல, நேரம் இருக்கும்போது எப்படி இருக்கீங்கன்னு சொல்லுங்க."

இதில் உண்மையான நினைவு ஒன்று இருக்கிறது, கேட்பது எதுவும் இல்லை, பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற பாரமும் இல்லை. நடக்காததை நடந்ததாக எழுதாதீர்கள், எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். வாட்ஸாப்பில் பழக்கம் இருந்தவருக்கு வாட்ஸாப்பிலேயே அனுப்புங்கள். வெறும் "ஹாய்" என்று போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், விஷயம் முழுவதும் முதல் செய்தியிலேயே இருக்கட்டும். நள்ளிரவில் எழுத வருகிறது என்றால் எழுதி வைத்துவிட்டு காலையில் அனுப்புங்கள். ஜிமெயிலில் Schedule send இதற்கு உதவும்.

பதில் வந்து இரண்டு மூன்று முறை பேச்சு ஓடிய பிறகு, அடுத்த படி ஒரு 15 நிமிடப் பேச்சு. "உங்க கம்பெனி எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "சர்வீஸ்லேர்ந்து அங்க போனப்போ இன்டர்வியூவுக்கு எதுல ரொம்ப நேரம் போச்சு? உங்க டீம்ல இப்ப டெஸ்டிங்குக்கு என்ன யூஸ் பண்றீங்க?" என்று கேளுங்கள். கூடவே நீங்களே இரண்டு நேரம் சொல்லுங்கள்: சனி காலை 10, அல்லது ஞாயிறு மாலை 5. நேரம் குறிப்பிடாமல் "ஒரு நாள் பேசலாம்" என்று விட்ட பேச்சுகளில் பெரும்பாலானவை நடப்பதே இல்லை. பேச்சு 15 நிமிடம் ஆனதும் நீங்களே நினைவூட்டி முடித்துக்கொள்ளுங்கள், அவர் தொடர விரும்பினால் தொடர்வார்.

தெரியாதவர்களுக்கு லிங்க்ட்இன்னில் அழைப்பு அனுப்புவதைப் பற்றி: இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளோடு மட்டும்தான் குறிப்பு சேர்க்க முடியும், அதுவும் 200 எழுத்துக்குள். அதனால் அவற்றை வீணாக்காமல் உங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு வையுங்கள். கல்லூரியின் பக்கத்தில் Alumni என்ற பகுதியில், யார் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று தேடலாம். பழைய தொடர்புகளைப் புதுப்பிப்பதற்கு அப்புறம்தான் இது, முதல் இரண்டு மாதம் இந்தப் பக்கமே போகாவிட்டாலும் பரவாயில்லை.

5. ஒருவருக்கு நடந்தது

என் பழைய டீமில் ஆட்டோமேஷன் டெஸ்டிங் செய்துகொண்டிருந்த ஒரு தோழி, இரண்டு மணி முதல் பதினோரு மணி வரை ஷிஃப்ட், பள்ளிக்குப் போகும் குழந்தை. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

முதல் வாரம் அவர் எழுதிய இருவரில் ஒருவர் பழைய டீம் லீட், இப்போது பணப்பரிவர்த்தனை மென்பொருள் செய்யும் ஒரு புராடக்ட் கம்பெனியில் இருப்பவர். இன்னொருவர் பதிலே சொல்லவில்லை, இன்றுவரை. லீட் நான்கு நாள் கழித்துப் பதில் போட்டார். மூன்றாவது வாரம் சனிக்கிழமை பேச்சு. அதில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் மாற்றியது: அவர்கள் டீமில் செலினியம் இல்லை, பிளேரைட்டுக்கு மாறியிருக்கிறார்கள், இன்டர்வியூவில் ஏ.பி.ஐ. டெஸ்டிங்கை ஆழமாகக் கேட்கிறார்கள். வேலை விளம்பரத்தில் "ஏதாவது ஒரு ஆட்டோமேஷன் கருவி" என்று மட்டுமே இருந்தது.

தோழி அதற்கப்புறம் காலை நேரத்தில் பிளேரைட் கற்றுக்கொண்டு, பொதுவில் கிடைக்கும் ஒரு டெமோ தளத்துக்குச் சின்னதாக ஒரு டெஸ்ட் தொகுப்பு எழுதி கிட்ஹப்பில் வைத்தார். ஏழாவது வாரம் அதன் இணைப்பை லீடுக்கு அனுப்பி, "நீங்க சொன்னதால ஆரம்பிச்சேன், லாகின் நிலையை ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் திரும்பத் திரும்பச் செய்யாம எப்படி வெச்சுக்கிறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. அவர் பதிலோடு தன் டீமில் இருக்கும் இன்னொருவரையும் அறிமுகம் செய்தார். மூன்றாவது மாதம் அந்த டீமில் இடம் வந்தபோது, தோழி கேட்பதற்கு முன்பே லீடிடமிருந்து செய்தி வந்தது. இடையில் இரண்டு வாரம் அவர் ஒன்றுமே செய்யவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். அதனால் எதுவும் கெட்டுவிடவில்லை.

6. ரெஃபரல் கேட்கும்போது

இந்த இடத்தில்தான் அதிகமானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ரெஃபரல் என்றால், உள்ளே இருப்பவர் தன் கம்பெனியின் போர்ட்டலில் ஜாப் ஐடியைத் தேர்ந்தெடுத்து உங்கள் ரெஸ்யூமேவை ஏற்றுவது. பல கம்பெனிகளில், நீங்கள் ஏற்கெனவே அவர்கள் தளத்தில் நேரடியாக விண்ணப்பித்திருந்தால், அந்த மின்னஞ்சல் முகவரி பதிவில் இருக்கிறது என்று சொல்லி ரெஃபரலை ஏற்காது, அல்லது ஏற்றாலும் கணக்கில் எடுக்காது. ஒரு கன்சல்டன்சி உங்கள் ரெஸ்யூமேவை முன்பே அனுப்பியிருந்தாலும் இதே கதைதான், சில மாதங்களுக்கு அந்த விண்ணப்பம் அவர்கள் பெயரில் இருக்கும். ஆகவே பட்டியலில் ஆள் இருக்கும் கம்பெனிக்கு அவசரப்பட்டு நீங்களே விண்ணப்பிக்காதீர்கள். நௌக்ரி வழியாகக் கூப்பிடும் கன்சல்டன்சியிடம் எந்தக் கம்பெனி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ரெஸ்யூமே அனுப்பச் சம்மதியுங்கள். எங்கெல்லாம் விண்ணப்பம் போயிருக்கிறது என்று ஷீட்டில் தனியாக ஒரு பக்கம் வையுங்கள்.

கேட்கும்போது அவர் எதையும் தேட வேண்டியிருக்கக்கூடாது. ஒரே செய்தியில் இவை இருக்கட்டும்: ஜாப் ஐடியும் இணைப்பும், பி.டி.எஃப். ரெஸ்யூமே (கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர் இருக்கட்டும்), ரெஸ்யூமேவில் உள்ள அதே மின்னஞ்சலும் ஃபோன் எண்ணும், மொத்த அனுபவம், நோட்டீஸ் பீரியட், இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று மூன்று வரி. அந்த மூன்று வரியை அவர் அப்படியே போர்ட்டலில் ஒட்டும்படி, உங்களைப் பற்றி அவர் சொல்வதுபோல எழுதித் தாருங்கள். ஆதார், பான், சம்பளச் சீட்டு எதுவும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை, யாருக்கும் அனுப்பாதீர்கள். ரெஃபரலுக்குக் காசு கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரெஃபரல் செய்தவருக்குப் பணம் தருவது அவருடைய கம்பெனிதான்.

பதில் இல்லையா? ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு சரி.

7. ஆபீசில் தெரியாமல் இருக்க

புரொஃபைலைத் திருத்தும்போது Notify network என்ற பொத்தான் அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். Open to work வைப்பதானால் ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களிடமிருந்து அதை மறைக்க லிங்க்ட்இன் முயலும், ஆனால் முழு உத்தரவாதம் கிடையாது என்று அவர்களே சொல்கிறார்கள். வேலை மாறலாமா என்ற எண்ணம் மட்டும் இருக்கும் நிலையில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

8. செலவு

கிட்டத்தட்ட இல்லை. லிங்க்ட்இன் பிரீமியம் வாங்க வேண்டாம், தெரிந்தவர்களுக்குச் செய்தி அனுப்ப அது தேவையே இல்லை. மாதத்தில் ஒருவரை நேரில் பார்த்தால் இரண்டு காபி, போக்குவரத்து என்று 500 ரூபாய்க்குள் முடியும். சென்னையில் பைத்தான் பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னைபை குழுவின் சந்திப்பு வழக்கமாக மாதத்தின் நான்காவது சனிக்கிழமை நடக்கும், கட்டணம் இல்லை. அப்படி ஒரு சந்திப்புக்குப் போகும் வாரத்தில் மற்ற நான்கு வேலைகளையும் விட்டுவிடுங்கள். அங்கே நிறையப் பேரோடு கைகுலுக்குவதைவிட ஒருவரோடு அவருடைய வேலையைப் பற்றிப் பேசிவிட்டு, மறுநாளே அந்தப் பேச்சைக் குறிப்பிட்டுச் செய்தி அனுப்புவது போதும்.

9. மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியது

மாதக் கடைசி ஞாயிறு பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கி ஷீட்டைப் பாருங்கள். எழுதிய எட்டுப் பேரில் இரண்டு பேர்கூடப் பதில் சொல்லவில்லை என்றால், அனுப்பிய செய்திகளைத் திறந்து படியுங்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், நினைவு வரி இருக்காது. பதில் வருகிறது, ஆனால் யாரோடும் ஃபோனில் பேசவில்லை என்றால் நீங்கள் நேரம் குறிப்பிட்டுக் கேட்கவில்லை என்று அர்த்தம். பேச்சும் நடக்கிறது, ஆனால் அப்புறம் ஒன்றும் ஆகவில்லை என்றால், அவர் சொன்ன ஒரு விஷயத்தைச் செய்துபார்த்து அவருக்குத் திரும்பச் சொன்னீர்களா என்று பாருங்கள். தோழியின் விஷயத்தில் ஏழாவது வாரச் செய்திதான் அந்த வேலையைச் செய்தது.

இரண்டு முறை எழுதியும் பதில் தராதவரின் தேதியை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள், பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம். அவரவர் வாழ்க்கையில் என்ன நடக்கிறதோ நமக்குத் தெரியாது.

10. முடிவு தெரிந்ததும்

ரெஃபர் செய்தவருக்கு ஒவ்வொரு சுற்றின் முடிவையும் அன்றைக்கே சொல்லுங்கள், தேர்வாகவில்லை என்றாலும். பல கம்பெனிகளில் போர்ட்டல் அவருக்கு நிலைமையைச் சரியாகக் காட்டாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். தேர்வாகாமல் போனால் எந்தக் கேள்வியில் திணறினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள், அடுத்த முறை எதற்குத் தயாராக வேண்டும் என்று அவரால் சொல்ல முடியும். தேர்வானால், சேரும் தேதியைச் சொல்லுங்கள், பல இடங்களில் ரெஃபரல் போனஸ் நீங்கள் சேர்ந்து சில மாதம் கழித்துத்தான் அவருக்கு வரும். அப்புறம் ஷீட்டில் "இப்போது எங்கே" என்ற நிரலுக்குப் பக்கத்தில் "இவருக்கு நான் என்ன செய்யலாம்" என்று இன்னொரு நிரல் சேர்த்து, வியாழக்கிழமை வேலைக்கு அதைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள்.